வெட்டாமல் படிக்கும் எந்திரம்

தாம்பரம் சென்னை கிறித்தவக் கல்லூரியில் புள்ளியியல் பேராசிரியராக இருந்தவர் கிஃப்ட் சிரோமணி. கோலத்துக்கு இலக்கணம் எழுதியவர்களில் ஒருவர் என்று அவரைப் பலருக்குத் தெரியும். 1978இல் அவரும் இரண்டு சகாக்களும் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். அச்சிட்ட தமிழ் எழுத்தைக் கணினி எப்படி அடையாளம் காணும் என்பது அதன் பொருள். எழுத்தைக் கறுப்பும் வெளுப்புமான கட்டங்களாக்கி, வரிசை வரிசையாகவும் நெடுக்குவாட்டிலும் நடந்து, ஒவ்வொரு வரிசையிலும் கண்டதை ஒரு குறியாக எழுதிக்கொண்டே போவார்கள். கடைசியில் அந்த எழுத்து ஒரு குறிச்சரமாகிவிடும். அந்தச் சரத்தைக் கையிருப்பில் உள்ள அகராதியில் தேடுவார்கள், அவ்வளவுதான். அதே ஆண்டு அக்டோபரில்தான் தமிழக அரசு எழுத்துச் சீர்திருத்த ஆணை பிறப்பித்து ணை, லை, னா போன்றவற்றின் பழைய உருவங்களை மாற்றியது. கணினி படிக்கத் தொடங்கிய வேளையில் எழுத்தே மாறிக்கொண்டிருந்தது.

இரண்டு ஆண்டு கழித்து, 1980இல், சின்னுசாமியும் கிருஷ்ணமூர்த்தியும் கையெழுத்துக்கு வந்தார்கள். தனித்தனியாக, அச்சுப் போல எழுதிய எழுத்துகள்தாம். அவற்றைக் கோட்டுத் துண்டுகளாகப் பிரித்து, எந்தத் துண்டு எதோடு சேர்கிறது என்று ஒரு வலை வரைந்து, அந்த வலையை மாதிரி வலைகளோடு ஒப்பிட்டார்கள். தமிழ்க் கையெழுத்து அறிதலின் பிறப்புச் சான்றிதழ் எது என்று கேட்டால் நான் இந்தக் கட்டுரையைத்தான் காட்டுவேன்.

இரண்டு முயற்சிகளுக்கும் பொதுவாக ஒரு நிபந்தனை இருந்தது. எழுத்து முன்கூட்டியே தனியாக வெட்டப்பட்டிருக்க வேண்டும். கால் நூற்றாண்டுக்குப் பிறகும் அந்த நிபந்தனை போகவில்லை. பெங்களூரு ஹெச்.பி. ஆய்வகம் 2006ஆம் ஆண்டுப் போட்டிக்காகத் திரட்டிய தமிழ்க் கையெழுத்துத் தொகுப்பும் தனி எழுத்துகளின் தொகுப்புதான். பெங்களூரிலும் சேலத்திலும் பள்ளிப் பிள்ளைகள், பட்டதாரிகள், பெரியவர்கள் என்று பலரைப் பேனாக் கணினியில் எழுதவைத்து, 156 வடிவங்களுக்குத் தலா 500 மாதிரி அளவில் சேர்த்தார்கள். 247 ஏன் 156 ஆனது? காலையும் கொம்பையும் தனி வடிவங்களாகக் கணக்கிட்டுவிட்டால் கா, கெ, கே, கொ என்று ஒவ்வொன்றையும் தனியாகக் கற்க வேண்டியதில்லை. இந்தச் சிக்கனத்தை நினைவில் வையுங்கள், பிறகு தேவைப்படும்.

தனி எழுத்தில் நன்றாகத் தேறிய எந்திரம் பள்ளி விடைத்தாளைப் படிக்கக் கொடுத்தால் தோற்றது, வெட்டும் இடத்திலேயே. பத்தாம் வகுப்புப் பிள்ளை மூன்று மணி நேரத்தில் எழுதும்போது ‘ட’வின் அடிக்கோடு அடுத்த எழுத்தில் போய் முட்டும், ‘ண’ இரண்டு மூன்று துண்டாகச் சிதறும். எங்கே வெட்டுவது என்று தெரிய எழுத்து எது என்று தெரிய வேண்டும். எழுத்து எது என்று தெரிய முதலில் வெட்டியாக வேண்டும்.

அந்த முடிச்சு அவிழ்ந்ததும் அதே 2006இல்தான். அலெக்ஸ் கிரேவ்ஸும் உடன் ஆய்வு செய்தவர்களும் சி.டி.சி. என்ற பயிற்சி முறையை வெளியிட்டார்கள். வெட்டவே வேண்டாம் என்பது அதன் சாரம். ஒரு முழு வரியின் படத்தை இடமிருந்து வலமாக மெல்லிய நெடுக்குக் கீற்றுகளாக மாடலுக்குக் காட்டு. தறியில் ஊடை இழை ஒவ்வொன்றாக விழுவது போலக் கீற்றுகள் உள்ளே போகும். ஒவ்வொரு கீற்றுக்கும் மாடல் ஒரு எழுத்தைச் சொல்லும், அல்லது ‘வெற்று’ என்று சொல்லும். பிறகு அடுத்தடுத்து வரும் ஒரே எழுத்துகளை ஒன்றாக்கி வெற்றைத் தூக்கிவிட்டால் சொல் கிடைக்கும். ‘மமதை’ என்று எழுதியிருந்தால் வெளியீடு இப்படி வரும். கோடு என்பது வெற்று:

```
- ம ம - ம ம - ை ை த த -
```

நடுவில் ஒரு வெற்று இருப்பதால்தான் இரண்டு ‘ம’ தப்பின. பயிற்சிக்கு வரியின் படமும் அதில் எழுதியிருப்பதைத் தட்டச்சு செய்த உரையும் போதும். எந்த எழுத்து எந்த இடத்தில் முடிகிறது என்று யாரும் கோடு போட்டுத் தர வேண்டியதில்லை. 2015இல் சீன ஆய்வாளர்கள் இதற்கு முன்னால் சில படச்சுருக்க அடுக்குகளைச் சேர்த்தபோது இன்று பரவலாகப் புழங்கும் வடிவம் கிடைத்தது. 2021இல் ஹைதராபாத் ஐ.ஐ.ஐ.டி. தமிழ் உள்ளிட்ட எட்டு எழுத்துமுறைகளில் 135 பேர் கையெழுத்துச் சொற்களை வெளியிட்டது. தாளில் எழுதிய தமிழுக்குப் பயிற்சி தர அதிலிருந்து தொடங்கலாம்.

மேலே பெட்டியில் ‘த’வுக்கு முன்னால் ஐகாரக் கொம்பு நிற்பதைக் கவனித்திருப்பீர்கள். அது அச்சுப்பிழை இல்லை. கணினி உரையில் ‘தை’ என்பது முதலில் த, பிறகு ஐகாரம். தாளிலோ கொம்புதான் முதலில். ‘கோடை’ என்ற சொல்லைப் பாருங்கள். உரையில் க, ஓகாரக் குறி, ட, ஐகாரக் குறி என நான்கு. தாளில் இரட்டைச்சுழிக் கொம்பு, க, கால், ஐகாரக் கொம்பு, ட என ஐந்து. சி.டி.சி. வரிசையை மீறாது, இடப்பக்கம் கண்டதை முன்னால் சொல்வதே அதற்கு இயல்பு. உரை வரிசையிலேயே பயிற்சி கொடுத்தால், கொம்பைக் கண்டும் வாயை மூடிக்கொண்டு, அடுத்த எழுத்தைச் சொல்லிவிட்டு, பிறகு பழைய கொம்பை நினைவுகூர வேண்டும். பெரிய மாடல் அதையும் கற்றுக்கொள்ளும். கைவசம் சில ஆயிரம் வரிகளே உள்ள சிறிய மாடலுக்கு அது வீண் சுமை. பயிற்சி உரையைத் தாள் வரிசைக்கு மாற்றிக் கொடுத்து, வெளியீட்டைச் சில வரி நிரலால் திரும்ப உரை வரிசைக்குக் கொண்டுவருவதே மேல். கால், கொம்பைத் தனியாக எண்ணிய பெங்களூர்ச் சிக்கனம் இங்கே கைகொடுக்கிறது.

அதில் ஒரு பொறி உண்டு. தட்டச்சு செய்பவர்களில் பலர் ‘கௌரவம்’ என்பதை க, எகரக் கொம்பு, ள என்று ‘கெளரவம்’ ஆக அடிப்பார்கள். திரையில் பார்த்தால் வித்தியாசம் தெரியாது. இரண்டும் கலந்த உரையில் பயின்ற மாடல் எதைச் சொன்னாலும் சில நேரம் தவறு என்றே கணக்காகும். படத்தைச் சுத்தம் செய்வதற்கு முன் உரையைச் சுத்தம் செய்ய வேண்டும்.

இனிப் படம். காஞ்சிபுரத்திலிருந்து வாலாஜாபாத் போகும் சாலையில் உள்ள ஐயம்பேட்டையில் ஒரு பள்ளியின் அரையாண்டுத் தேர்வுத் தாளை எடுத்துக்கொள்வோம். கோடு போட்ட மெல்லிய தாள், இருபுறமும் எழுதியது, ஓரத்தில் நூல் தைத்தது, மேலே ஆசிரியரின் சிவப்பு மை.

அங்குலத்துக்கு 300 பிக்சல் என்ற அளவில் ஸ்கேன் செய்தால் ஒரு மில்லிமீட்டருக்கு ஏறத்தாழ 12 பிக்சல். பேனா அழுத்தி வைத்த புள்ளி 0.6 மில்லிமீட்டர் என்றால் ஏழு பிக்சல் அகலம் வரும். தாளின் தூசியும் மையின் தெறிப்பும் பெரும்பாலும் இரண்டு மூன்று பிக்சல். அளவில் இந்த இடைவெளி இருப்பதால் தூசியை நீக்கிப் புள்ளியைக் காப்பாற்றலாம். வேகத்துக்காக 100 பிக்சலுக்கு இறக்கினால் அதே புள்ளி இரண்டு பிக்சல் அகலமாகிவிடும். தூசி நீக்க எல்லோரும் போடும் மூன்றுக்கு மூன்று நடுமதிப்பு வடிகட்டி, ஒன்பது கட்டத்தில் நான்கு மட்டும் கறுப்பாக இருந்தால் அதை வெளுப்பாக்கிவிடும். புள்ளி போச்சு. ‘பட்டு’ ‘படடு’ ஆனதும் மாடலைத் திட்டுவார்கள். திட்ட வேண்டியது வடிகட்டியை.

கோடு நீக்குவது அதைவிடப் பொல்லாதது. நீண்ட கிடைக்கோடுகளைக் கண்டுபிடித்து அழிப்பது எளிது. ஆனால் ப, ட, ம எல்லாம் அடிக்கோட்டில் உட்காரும் எழுத்துகள், பிள்ளை அவற்றை அச்சுக்கோட்டின் மேலேயே எழுதும். கண்ணை மூடிக்கொண்டு அழித்தால் ‘ப’ இரண்டு குச்சியாக நிற்கும். அதனால் ஒவ்வொரு நெடுக்கிலும் கறுப்பு எத்தனை பிக்சல் தடிமன் என்று அளக்க வேண்டும். அச்சுக்கோடு மட்டும் என்றால் இரண்டு மூன்று பிக்சல், அழிக்கலாம். பேனாக்கோடும் சேர்ந்திருந்தால் ஏழெட்டுக்கு மேல் வரும், தொடக்கூடாது. வண்ணத்தில் ஸ்கேன் செய்திருந்தால் வெளிறிய கோட்டையும் சிவப்பு மையையும் நிறத்தாலேயே பிரித்துவிடலாம். முதலிலேயே கறுப்பு வெள்ளையாக எடுத்த தாளுக்கு இந்த வசதி கிடையாது.

மறுபக்க மை ஊறித் தெரிவது அடுத்தது. பக்கம் முழுவதற்கும் ஒரே எல்லை வைத்துக் கறுப்பு வெள்ளை பிரித்தால், தையல் ஓரத்து நிழல் முழுக்கக் கறுப்பாகிவிடும், நடுவில் மெல்லிய எழுத்து காணாமல் போகும். சவோலா முறை போல அந்தந்த இடத்தின் வெளிச்சத்தைப் பார்த்து எல்லையை நகர்த்த வேண்டும். தையல் துளைகள் புள்ளி போலவே இருக்கும் என்பதால் அந்த ஓரப் பட்டையை நான் வெட்டிவிடவே சொல்வேன். அங்கே எழுதும் பிள்ளைகள் குறைவு.

சுத்தமான வரி எட்டு மில்லிமீட்டர் உயரம், 16 சென்டிமீட்டர் நீளம் என்றால் ஏறத்தாழ 94 பிக்சல் உயரமும் 1,890 பிக்சல் நீளமும். உயரத்தை 48 ஆகச் சுருக்கினால் நீளம் 960 சொச்சம். முன் அடுக்குகள் அதை நான்கில் ஒன்றாக்க, 240 கீற்றுகள். வரியில் 30 எழுத்து என்றால் எழுத்துக்கு எட்டுக் கீற்று, தாராளம். உயரத்தை 32க்குக் குறைத்தால் புள்ளி மறுபடி இரண்டு பிக்சலுக்கு வந்துவிடும். இருபுறமும் பார்க்கும் இரண்டு நினைவடுக்குகளோடு மாடலை இருபது லட்சம் எண்களுக்குள் அடக்கலாம். கோப்பு எட்டு மெகாபைட், பள்ளி அலுவலகக் கணினியே ஓட்டும்.

இருபுறமும் ஏன் பார்க்க வேண்டும்? கையெழுத்தில் காலும் ரகரமும் ஒரே உருவம். ‘பாம்பு’வா ‘பரம்பு’வா என்று அந்தக் கீற்றை மட்டும் பார்த்து எவராலும் சொல்ல முடியாது. முன்பின் எழுத்துகள்தாம் சாட்சி. சில இடங்களில் அந்தச் சாட்சியும் போதாது.

ஆனால் முன்பின் பார்த்துத் தீர்மானிக்கும் அதே பழக்கம் விடைத்தாளில் வம்பும் செய்கிறது. பிள்ளை ‘பல்லிக்கூடம்’ என்று எழுதியிருந்தால் தமிழ் ஆசிரியர் அதற்கு மதிப்பெண் குறைப்பார். ‘பள்ளிக்கூடம்’ என்பதையே ஓயாமல் பார்த்துப் பழகிய மாடலோ, சந்தேகம் வரும் இடத்தில் பிழையைத் திருத்திப் படித்துவிடும். சொல்லகராதி ஒன்றை மேலே ஏற்றினால் இது இன்னும் மோசமாகும். மற்ற வேலைகளில் அகராதி பிழை விகிதத்தைக் குறைக்கும் என்பதால் பழக்கதோஷத்தில் இங்கேயும் சேர்த்துவிடுகிறார்கள். இங்கே அது பிள்ளை எழுதாததை எழுதியதாகச் சொல்லும் கருவி.

இதைக் கண்டுபிடிக்க வழி உண்டு. ல, ள, ழ, ர, ற, ந, ன, ண ஆகியவற்றை வேண்டுமென்றே மாற்றிய வரிகளைப் பலரை எழுதவைத்து, பயிற்சியில் சேர்க்காமல் தனியாக வைத்துச் சோதிக்க வேண்டும். பயிற்சியில் கையெழுத்து இடம்பெற்ற எவரும் சோதனையில் இருக்கக் கூடாது. நூறு எழுத்துக்கு எத்தனை பிழை என்ற ஒற்றை எண்ணோடு நிறுத்தாமல் புள்ளி விடுபட்டது எத்தனை, கால்–ரகரம் மாறியது எத்தனை, பிள்ளையின் பிழை திருத்தப்பட்டது எத்தனை என்று மூன்றையும் தனித்தனியே எண்ண வேண்டும். மூன்றாவது எண் பூஜ்யத்தை நெருங்காத வரை மொழிப்பாடத் தாளில் எந்திரம் படித்ததை ஆசிரியர் முன் தனியாக வைக்கக் கூடாது. வரியின் படத்தை மேலேயும் படித்த உரையைக் கீழேயும் காட்டலாம்.