கையெழுத்து என்றொரு வசவு

1940களின் தொடக்கத்தில் இத்தாலியின் 'சினிமா' இதழ்க்காரர்கள், நேர்த்தியே குறியான இலக்கியத் தழுவல் படங்களைக் 'கலிகிராஃபிஸ்மோ' என்று வைதார்கள். அப்படியொரு விமர்சனத்தை ஆங்கிலமாக்குகையில் இச்சொல்லில்தான் மாட்டிக்கொண்டேன். முதலில் 'ஃபார்மலிசம்' என்று போட்டேன். கோட்பாடு மிஞ்சிற்று, நக்கல் போயிற்று. கையெழுத்து ஜோர், எழுதத்தான் ஒன்றுமில்லை என்பதல்லவா அந்த வசவு! இதழாசிரியரோ முசோலினியின் மகன் வித்தோரியோ; ஆட்சியை நேரே திட்ட வழியேது? ஆக, நடைமீதான நக்கலே அரசியலாயிற்று. 'ஃபைன் பென்மன்ஷிப்' என்று மாற்றினேன்.

அடுத்த சிக்கல் வெர்கா. இந்தப் படங்களுக்கு மாற்றாக அவர்கள் முன்வைத்த நாவலாசிரியர். ஆங்கில வாசகருக்கு வெறும் பெயர். பெயரோடு 'சிசிலி மீனவர்களை எழுதிய' என்று மட்டும் ஒட்டினேன். அடிக்குறிப்பு போட்டிருந்தால் விமர்சகர் சண்டையை விட்டுவிட்டுப் பாடம் நடத்த உட்கார்ந்துவிடுவார்.