இதயப் படத்தில் இரத்தம் செல்லும் வழி

பாடநூலில் உள்ள இதயப் படத்தைப் பார்க்கும்போது, ஒருவர் உங்களை நோக்கி நிற்பதாக எண்ணிக்கொள்ளுங்கள். அவருடைய வலப்புறம் உங்களுக்கு இடப்புறமாகும். ஆகவேதான் படத்தின் இடப்பக்கத்தில் 'வலது ஏட்ரியம்' என்று குறிக்கப்பட்டுள்ளது. மாணவர்கள் பாகங்களின் பெயர்களை மாற்றி எழுதுவது பெரும்பாலும் இவ்விடத்தில்தான்.

படத்தில் நீலம் ஆக்சிஜன் குறைந்த இரத்தத்தையும், சிவப்பு ஆக்சிஜன் நிறைந்த இரத்தத்தையும் குறிக்கும். உண்மையில் ஆக்சிஜன் குறைந்த இரத்தம் கருஞ்சிவப்பாகவே இருக்கும்.

விரலால் பின்தொடருங்கள்

1. உடலிலிருந்து திரும்பும் இரத்தம் மேற்பெருஞ்சிரை, கீழ்ப்பெருஞ்சிரை வழியாக வலது ஏட்ரியத்தை அடைகிறது.
2. மூவிதழ் வால்வைக் கடந்து வலது வென்ட்ரிக்கிளுக்குள் செல்கிறது.
3. அங்கிருந்து நுரையீரல் வால்வு, நுரையீரல் தமனி வழியாக நுரையீரலுக்குச் சென்று ஆக்சிஜனைப் பெறுகிறது.
4. பொதுவாக நான்காக உள்ள நுரையீரல் சிரைகள் வழியாக இடது ஏட்ரியத்திற்குத் திரும்புகிறது.
5. ஈரிதழ் வால்வைக் கடந்து இடது வென்ட்ரிக்கிளுக்குள் செல்கிறது.
6. பெருந்தமனி வால்வைக் கடந்து, பெருந்தமனி வழியாக உடல் முழுவதும் பரவுகிறது.

தமனி என்றால் சிவப்பு, சிரை என்றால் நீலம் என்று மனப்பாடம் செய்தவர்கள் மூன்றாம், நான்காம் படிகளில் தவறுவர். இதயத்திலிருந்து வெளியேறும் குழாய் தமனி. இதயத்திற்குள் வரும் குழாய் சிரை. ஆதலால் நுரையீரல் தமனி நீலமாகவும் நுரையீரல் சிரைகள் சிவப்பாகவும் வரையப்படுகின்றன.

ஒரு வால்வு சரியாக மூடாவிட்டால்

வால்வுகள் ஒரு திசையில் மட்டுமே திறக்கும் கதவுகள். பன்னிரண்டு வயது மாணவி ஒருத்திக்கு ஒருவகைப் பாக்டீரியாவால் தொண்டை அழற்சி ஏற்படுகிறது எனக் கொள்வோம். முறையான சிகிச்சை பெறாத நிலையில், சில வாரங்களுக்குப் பின் காய்ச்சலும், ஒரு மூட்டிலிருந்து மற்றொன்றுக்கு மாறும் வலியும் வீக்கமும் தோன்றுகின்றன. இது ருமாட்டிக் காய்ச்சலாக இருக்கலாம். இது பெரும்பாலும் ஈரிதழ் வால்வையே பாதிக்கிறது.

இப்போது ஐந்தாம் படியில் விரலை வையுங்கள். வால்வு முழுமையாக மூடாததால், இடது வென்ட்ரிக்கிள் சுருங்கும்போது இரத்தத்தின் ஒரு பகுதி இடது ஏட்ரியத்திற்கே திரும்புகிறது. கசிவு மிகுந்தால் அங்கு அழுத்தம் உயர்ந்து, நுரையீரல் சிரைகள் வழியாக நுரையீரலைப் பாதிக்கிறது. குறை இதயத்தில் இருந்தாலும் மூச்சுத்திணறல் ஏற்படுவது இதனாலேயே.

படியேறும்போதோ படுக்கும்போதோ மூச்சுத்திணறல் இருந்தால் குழந்தையை உடனே மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். எக்கோ பரிசோதனையில் வால்வின் அசைவையும் கசிவையும் காண இயலும். ருமாட்டிக் காய்ச்சல் மீண்டும் வந்தால் வால்வு மேலும் சிதையும். அதைத் தடுக்கவே மூன்று அல்லது நான்கு வாரங்களுக்கு ஒருமுறை பென்சிலின் ஊசி பல ஆண்டுகள் போடப்படுகிறது. பென்சிலின் ஒவ்வாமை இருப்பின் முன்னரே தெரிவியுங்கள். குழந்தை நலமாகத் தோன்றினாலும், மருத்துவர் கூறாமல் ஊசியை நிறுத்தாதீர்கள்.