பரிந்துரையின் விலை: நுழைவுக் கட்டணம் முதல் இணையச் சுட்டி வரை

ஒருவர் பகிரும் சுட்டியைத் தொட்டு நாம் முதலீட்டுக் கணக்குத் தொடங்கினால் அவருக்குத் தரகு சேர்கிறது. சுட்டியில் பொதிந்துள்ள குறியீடு, வாடிக்கையாளரை அனுப்பியவர் யார் என்பதை நிறுவனத்துக்குக் காட்டிவிடும். கருவி புதிது, வழக்கம் பழையது. பரஸ்பர நிதிகளின் வரலாற்றில் அதன் தடத்தைத் தெளிவாகக் காணலாம்.

2009 வரை பங்குசார் நிதிகளில் நுழைவுக் கட்டணம் இருந்தது. வழக்கமான விகிதம் 2.25 விழுக்காடு. 10,000 ரூபாய் செலுத்தியவருக்கு 225 ரூபாய் கழிந்து 9,775 ரூபாய்க்கே அலகுகள் கிடைத்தன. கழிந்த தொகை பெரும்பாலும் முகவரைச் சென்றடைந்தது. வாடிக்கையாளர் ஒரே நிதியில் பத்தாண்டு தங்கினால் அந்த 225 ஒருமுறைதான். ஆண்டுதோறும் நிதியை மாற்றினால் ஒவ்வொரு மாற்றத்திலும் உண்டு. எனவே புதிய நிதி வெளிவரும்போதெல்லாம், 'பத்து ரூபாய்க்கு ஓர் அலகு, மலிவு' என்ற பேச்சு எழுந்தது. பத்து ரூபாய் என்பது தொடக்கத்தில் குறிக்கப்படும் முகமதிப்பு மட்டுமே. அதில் மலிவு என்று எதுவும் இல்லை.

2009 ஆகஸ்ட் 1 முதல் செபி இக்கட்டணத்தை நீக்கியது. 2013 ஜனவரியில் முகவரின்றி முதலீடு செய்யும் நேரடித் திட்டங்கள் வந்தன. 2018இல் முன்கூட்டித் தரும் தரகு பெரும்பாலும் நின்று, முதலீடு தங்கியிருக்கும் வரை சிறிது சிறிதாக வரும் தொடர்தரகு நிலைபெற்றது. அறிவுரையைத் திருத்த நற்போதனையைவிட ஊதியம் வரும் வழியை மாற்றியதே பயன்பட்டது என்பது என் கணிப்பு.

ஆனால் சமூக ஊடகத்தில் பழைய கணக்கு திரும்பிற்று. புதுக் கணக்கு ஒன்றுக்கு இவ்வளவு என்று தொகை பெறும் காணொளிப் பேச்சாளருக்கு, கணக்கு தொடங்கியவர் பின்னர் ஈட்டினாரா இழந்தாரா என்பது பொருட்டன்று. 2024 ஆகஸ்டில் செபி இதற்குத் தடை வகுத்தது: பதிவின்றி முதலீட்டு அறிவுரை சொல்வோரோடும், இலாபம் குறித்து அனுமதியின்றி உறுதி கூறுவோரோடும் தரகு நிறுவனங்கள் தொடர்பு கொள்ளலாகாது. பணம் கைமாறுவதோடு, வாடிக்கையாளரை அனுப்பிவைப்பதும் 'தொடர்பு' என்றே வரையறுக்கப்பட்டது.

இவ்விதி தரகு கொடுக்கும் நிறுவனத்தைப் பிடிக்கும். பிறர் முகத்தைத் திருடுபவனைப் பிடிக்காது. 2024 ஏப்ரலில் தேசியப் பங்குச் சந்தை ஓர் எச்சரிக்கை விடுத்தது. அதன் தலைமைச் செயல் அலுவலர் பங்குகளைப் பரிந்துரைப்பதுபோல் போலிக் காணொளிகள் உலவின. சந்தையின் ஊழியர் எவருக்கும் பங்குகளைப் பரிந்துரைக்க அதிகாரமில்லை என்பதே அதன் விளக்கம். ஆகவே முகமும் குரலும் எவ்வளவு பொருந்தினும், அப்பரிந்துரையே போலிக்குச் சான்று.

பதிவு பெற்ற முதலீட்டு ஆலோசகரின் எண் INA என்றும், ஆய்வாளரின் எண் INH என்றும் தொடங்கும். செபியின் தளத்தில் அவ்வெண்ணைத் தேடி, அங்குள்ள பெயரையும் தொடர்பு விவரத்தையும் ஒப்பிட வேண்டும். எண்ணைப் பார்த்தவுடன் நம்பிவிடலாகாது. மெய்யான ஆலோசகரின் எண்ணையே போலிகள் இரவல் வாங்குவதுண்டு.