சொந்தமாகக் கட்டிய சொத்து

ஒரு நிறுவனம் ஒப்பந்ததாரரிடம் விடாமல், தன் ஆட்களையும் பொருட்களையும் வைத்துக் கட்டித் தானே பயன்படுத்தும் கட்டடம், கணக்கியலில் சொந்தமாகக் கட்டிய சொத்து எனப்படும். விலைக்கு வாங்கிய கட்டடத்துக்குப் பத்திரமும் பில்லும் உண்டு. இதற்கு அப்படி எதுவும் கிடையாது. கூலி, பொருள், மேற்செலவு ஆகியவற்றில் எவை கட்டடத்தின் விலையில் சேரும், எவை அந்த ஆண்டின் லாப நட்டக் கணக்குக்குப் போகும் என்பதைக் கணக்கரே தீர்மானிக்க வேண்டியிருக்கிறது.

அரியலூரில் இந்தக் கேள்விக்குக் கூடுதலாக ஒரு முகம் உண்டு. சுண்ணாம்புக்கல் நிறைந்த இந்த மண்ணில் அரசின் தமிழ்நாடு சிமென்ட் கழகம் 1979-இல் ஆலை தொடங்கியது. ராம்கோ, டால்மியா, அல்ட்ராடெக், செட்டிநாடு ஆலைகளும் இங்கே உண்டு. விற்பதற்காகச் செய்யும் சரக்கையே ஒரு சிமென்ட் ஆலை தன் கட்டடத்துக்கும் எடுத்துக்கொள்ள முடியும். அந்த மூட்டைக்கு என்ன விலை போடுவது?

வரலாறு

இந்தியாவில் இந்தச் சிக்கல் ரயில்பாதையோடு வந்தது. 1849-இல் தொடங்கிய ஒப்பந்தங்களின்படி, ரயில் கம்பெனிகள் போட்ட மூலதனத்துக்கு ஆண்டுக்கு 5 சதவீத வருமானத்தை அரசு உறுதி செய்தது. பாதைக் கணக்கில் ஏறிய ஒவ்வொரு ரூபாய்க்கும் அந்த வருமானம் நிச்சயம் என்பதால், செலவைக் குறைக்க வேண்டிய கட்டாயம் கம்பெனிகளுக்கு இல்லை. பொதுப்பணித் துறை வேறு வழியில் போனது. வேலைக்கான பொருள், கூலியின் மேல் அலுவலகச் செலவுக்கும் கருவிகளுக்கும் சேர்த்து ஒரு சதவீதத்தைத் துறைக் கட்டணமாக ஏற்றியது. மேற்பார்வையும் ஒரு செலவு என்று ஒப்புக்கொண்டது இதன் நன்மை. அந்தச் சதவீதம் குறிப்பிட்ட வேலையில் உண்மையாக ஆன செலவைக் காட்டாது என்பது இதன் குறை.

1974-இல் இரண்டு நாடுகளின் உச்ச நீதிமன்றங்கள் இதே பொருளைத் தொட்டன. அமெரிக்காவில் ஐடஹோ பவர் என்ற மின் நிறுவனம் தன் லாரிகளையும் இயந்திரங்களையும் கொண்டு தன் மின்பாதைகளைக் கட்டியது. கட்டுமானக் காலத்தில் அந்த வாகனங்களுக்கு ஏற்பட்ட தேய்மானம் உடனடிச் செலவாகாது, கட்டிய சொத்தின் விலையில்தான் சேர வேண்டும் என்று தீர்ப்பானது. அதே ஆண்டு இங்கே சல்லபள்ளி சர்க்கரை ஆலை வழக்கில், ஆலையை நிறுவ வாங்கிய கடனுக்கு உற்பத்தி தொடங்கும் முன் கட்டிய வட்டி சொத்தின் விலையில் சேரும் என்று நம் உச்ச நீதிமன்றம் சொன்னது.

இந்தியப் பட்டயக் கணக்காளர் நிறுவனம் 1985-இல் வெளியிட்ட கணக்கியல் தரம் 10, கட்டுமானத்தோடு நேரடித் தொடர்புள்ள செலவுகளும் அந்த வேலைக்கு ஒதுக்கத்தக்க செலவுகளும் சேரலாம், உள்லாபம் சேரக் கூடாது என்றது. 2016-இல் அந்தத் தரம் திருத்தி எழுதப்பட்டது. பெரிய நிறுவனங்கள் அதே ஆண்டிலிருந்து சர்வதேசத் தரத்தை ஒட்டிய இந்தியத் தரம் 16-க்கு மாறத் தொடங்கின. இரண்டிலும் ஒரே அளவுகோல்தான்: சொத்தை இருக்க வேண்டிய இடத்துக்கும் இயங்க வேண்டிய நிலைக்கும் கொண்டுவர நேரடியாகத் தேவைப்பட்ட செலவு சேரும். பொது நிர்வாகச் செலவும், வழக்கத்துக்கு மீறிய விரயமும் சேராது.

ஒரு கிடங்கின் கணக்கு

விதி எப்படி வேலை செய்கிறது என்று பார்க்க, அரியலூர் வட்டாரத்து ஆலை ஒன்று தன் வளாகத்தில் ஒரு கிடங்கு கட்டுவதாக வைத்துக்கொள்வோம். தொகைகள் விளக்கத்துக்கானவை. முதலில் கணக்கில் 78 லட்சம் ரூபாய் எழுதப்பட்டிருக்கிறது.

சொந்த சிமென்ட் 4,000 மூட்டை, சந்தை விலை 340 ரூபாய் வீதம் 13.6 லட்சம் என்று எழுதியிருக்கிறார்கள். மூட்டையின் அடக்கவிலை 240 ரூபாய். எனவே 9.6 லட்சம்தான் ஏற வேண்டும். மீதி 4 லட்சம், தனக்குத் தானே விற்று ஈட்டியதாகக் காட்டும் லாபம். அந்த 240 ரூபாயில் சுண்ணாம்புக்கல், நிலக்கரி, மின்சாரத்தோடு சூளையின் தேய்மானமும் ஆலைக் கண்காணிப்பும் பங்காக இருக்கின்றன. ஆக, ஆலை மேற்செலவின் ஒரு பகுதி சிமென்ட் மூட்டை வழியாகவே நியாயமாகக் கட்டடத்துக்குள் வந்துவிடுகிறது. அந்தப் பங்கைச் சூளையின் வழக்கமான உற்பத்தித் திறனை வைத்துத்தான் கணக்கிட வேண்டும். சூளை பாதி நாள் நின்றுபோன ஆண்டில் மூட்டையின் அடக்கவிலை ஏறினால், அந்த ஏற்றம் கிடங்கின் விலை ஆகாது.

கம்பி, எம்-சாண்ட், செங்கல் 30 லட்சம். திரும்பக் கிடைக்காத ஜி.எஸ்.டி.யும் இதில் அடங்கும். கிடங்கு போன்ற கட்டடத்துக்கு வாங்கிய பொருளுக்கு உள்ளீட்டு வரி வரவு கிடையாது என்பதால் அந்த வரியும் விலையோடு சேர்கிறது. கொத்தனார், சித்தாள் கூலி 14 லட்சம். ஆலையின் சிவில் இன்ஜினியரும் மேஸ்திரிகளும் இந்த வேலையில் செலவிட்ட நேரத்துக்கான சம்பளம், வைப்புநிதிப் பங்கு உட்பட 6 லட்சம். இன்ஜினியர் மாதச் சம்பளக்காரர்தானே, கட்டினாலும் கட்டாவிட்டாலும் கொடுக்க வேண்டியதுதானே என்று கேட்பவர்கள் உண்டு. அவர் உழைப்பு கிடங்காக நிற்கிறது என்பதால் அது சேரும். ஆனால் கிடங்கில் நின்ற நாட்களுக்கு மட்டும். பொக்லைனின் டீசல், டிரைவர் கூலி, அந்த நாட்களுக்கான தேய்மானம் 2 லட்சம். ஐடஹோ தீர்ப்பின் தர்க்கம் இதுவே.

அடுத்தது மண். அரியலூர், பெரம்பலூர் பகுதிகளில் கரிசல் மண் பரவலாக உண்டு. மழையில் ஊதி, வெயிலில் சுருங்கி, மேலே கட்டியதைப் பிளக்கும் மண் அது. அதைத் தோண்டி அகற்றிக் கிராவல் நிரப்ப ஆன 3.4 லட்சம், இடத்தைத் தயார்ப்படுத்தும் செலவு. அது சேரும். ஐப்பசி மழைக்கு நடுவே அவசரமாக எழுப்பிய சுவர் சரிந்து, மறுபடி கட்ட ஆன 3 லட்சம் சேராது. இரண்டும் மண்ணாலும் மழையாலும் வந்த செலவுகள்தான். முதலாவது இல்லாமல் எவராலும் இந்த இடத்தில் கட்ட முடியாது. இரண்டாவது சரியாக வேலை செய்திருந்தால் வந்தே இருக்காது. சேர்ப்பதா விடுவதா என்பதில் பிழை அதிகம் நேர்வது இந்த இடத்தில்தான்.

தலைமை அலுவலகச் செலவில் பங்கு என்று போட்ட 5 லட்சமும் திறப்பு விழாச் செலவு 1 லட்சமும் விலகும். எஞ்சுவது 65 லட்சம்.

வட்டி தனிக் கேள்வி. கட்டி முடிக்கக் கணிசமான காலம் பிடிக்கும் சொத்துக்கே கடன் வட்டி சேரும். கடன் வட்டிக்கான கணக்கியல் தரம் 16 இந்தக் காலத்தைப் பொதுவாக 12 மாதமாகக் கொள்கிறது. நம் கிடங்கு எட்டு மாதத்தில் முடிந்தால் அத்தரத்தின்படி வட்டிக்கு இடமில்லை. கட்டடம் பயன்பாட்டுக்குத் தயாரான நாளோடு எல்லாச் சேர்க்கையும் நிற்க வேண்டும், சரக்கு அடுக்கும் நாள் தள்ளிப்போனாலும்.

பிழை எங்கே தெரியும்

அதிகமாக ஏற்றிய 13 லட்சத்தால் அந்த ஆண்டின் லாபம் அவ்வளவும் கூடித் தெரிகிறது. ஆலைக் கட்டடத்தின் ஆயுளைக் கம்பெனிச் சட்டம் 30 ஆண்டு என்று வைப்பதால், அந்தத் தொகை ஆண்டுக்கு ஏறத்தாழ 43,000 ரூபாயாகத் தேய்ந்து செலவுக்கு வருகிறது. இந்த ஆண்டின் தவறை முப்பது ஆண்டுகள் சுமக்கின்றன.

தணிக்கையாளர் முதலில் பார்க்க வேண்டியது அளவுப் புத்தகத்தை. எம்20 கான்கிரீட் ஒரு கன மீட்டருக்குச் சுமார் 8 மூட்டை சிமென்ட் பிடிக்கும். பூச்சுக்கும் கட்டுவேலைக்கும் உரியதைச் சேர்த்தும் மூட்டைக் கணக்கு ஒத்துவராவிட்டால், சிமென்ட் வேறெங்கோ போயிருக்கிறது. அடுத்து மஸ்டர் ரோல். சூளைப் பராமரிப்பில் நின்ற ஆட்களின் பெயர் அதே நாளில் கிடங்கு வேலையிலும் இருந்தால், பராமரிப்புச் செலவு கட்டடமாக வேடம் போடுகிறது. மார்ச் கடைசி வாரத்தில் மொத்தமாகப் போட்ட மாற்றுப் பதிவுகளை ஒன்று விடாமல் படிக்க வேண்டும்.

2021 ஏப்ரல் முதல், முடியாத கட்டுமானப் பணிகள் எத்தனை ஆண்டாக நிலுவையில் நிற்கின்றன என்பதையும் கம்பெனிகள் நிதியறிக்கையில் வயதுவாரியாகக் காட்ட வேண்டும். சொந்தமாகக் கட்டத் தொடங்குபவர் வேலைக்கென்று தனிக் கணக்கு எண் ஒன்றைக் கடைக்கால் தோண்டும் நாளிலேயே திறந்து, ஆளின் நேரத்தையும் மூட்டையையும் அன்றன்றே அதில் எழுதட்டும். ஆண்டுக் கடைசியில் நினைவிலிருந்து பிரித்து எழுதும் பங்கீட்டை எந்தத் தணிக்கையாளரும் ஏற்கக் கூடாது.