அறவாழியும் கப்பற் சக்கரமும்: ஒரு சின்னத்தின் வரலாறு

2019 ஏப்ரல் 21ஆம் திகதி நிகழ்ந்த உயிர்த்த ஞாயிறு குண்டுத் தாக்குதல்களுக்குப் பின்னர் இலங்கை முஸ்லிம்கள் அச்சத்தில் உறைந்திருந்தார்கள். மே மாதத்தின் நடுப்பகுதியில் வடமேல் மாகாணத்தில் அவர்களது வீடுகளும் கடைகளும் பள்ளிவாசல்களும் தாக்கப்பட்டன. அதே வாரத்தில் மத்திய மலைநாட்டின் ஒரு சிற்றூரில் முஸ்லிம் பெண்ணொருவரைப் பொலிஸார் கைது செய்தனர். அவர் உடுத்தியிருந்த நீண்ட அங்கியில் தர்மசக்கரம் அச்சிடப்பட்டிருந்தது என்பதே குற்றச்சாட்டு. அவர் 17 நாட்கள் விளக்கமறியலில் இருந்தார்.

அந்தத் துணியில் இருந்தது தர்மசக்கரம் அல்ல. கப்பலின் திசையை மாற்றுவதற்கு மாலுமி பிடித்துச் சுழற்றும் சுக்கான் சக்கரம் அது.

மதச் சின்னங்கள் பற்றி நாம் பேசும்போது, ஒவ்வொன்றும் அந்தந்த மதத்துடனேயே பிறந்தது போலவும், அதன் பொருள் அன்று தொட்டு மாறாதிருப்பது போலவும் எண்ணுகிறோம். வரலாறு அவ்வாறு சொல்லவில்லை. சிலுவை உரோமர்களின் கொலைக்கருவி. முதல் மூன்று நூற்றாண்டுகளில் கிறிஸ்தவர்கள் அதனை வெளிப்படையாக வரைந்தமை மிக அரிது. பிறை, இஸ்லாம் தோன்றுவதற்கு முன்னரே பாரசீகத்தின் சாசானிய மன்னர்களது நாணயங்களில் பொறிக்கப்பட்டிருந்தது. துருக்கிய உதுமானியப் பேரரசின் கொடி வழியாகவே அது முஸ்லிம்களின் பொது அடையாளமாகப் பரவியது. ஓங்காரத்தை அ, உ, ம் எனப் பிரித்து விழிப்பு, கனவு, உறக்கம் என்ற நிலைகளோடு பொருத்துவது மாண்டூக்ய உபநிடதம். அந்த ஒலியோ அதற்கு முன்னரே வேள்விகளில் ஒலித்து வந்தது. சக்கரத்தின் கதை இவை எல்லாவற்றிலும் நீளமானது. நாம் வாழும் மண்ணோடு நெருக்கமானதும் அதுவே.

வேந்தனின் சக்கரம்

பௌத்தம் சக்கரத்தைக் கண்டுபிடிக்கவில்லை, இரவல் வாங்கியது. பண்டைய இந்தியாவில் சக்கரம் என்றால் முதலில் தேர்ச்சக்கரம். எந்த வேந்தனின் தேர் தடையின்றி எல்லாத் திசைகளிலும் உருளுகின்றதோ அவன் சக்கரவர்த்தி. பாளி மொழியிலுள்ள சக்கவத்தி சீகநாத சுத்தம் இக்கருத்தை ஒரு கதையாகச் சொல்கிறது. அறவழி நிற்கும் அரசனுக்கு ஆயிரம் ஆரங்கள் கொண்ட தெய்வீகச் சக்கரம் தோன்றும். அது உருண்டு செல்லும் நாடுகள் போரின்றிப் பணியும். அச்சக்கரம் தந்தையிடமிருந்து மகனுக்குச் சொத்தாக வருவதில்லை. ஒவ்வொரு மன்னனும் தனது ஒழுக்கத்தால் அதனை ஈட்ட வேண்டும்.

புத்தர் வாரணாசிக்கு அருகே இசிபதனத்து மான் வனத்தில் ஐந்து துறவிகளுக்கு ஆற்றிய முதற் பேருரைக்கு ‘தர்மசக்கரத்தை உருட்டுதல்’ என்று பெயர் வந்தது இந்தப் பின்னணியிலேதான். அங்கு உருண்டது படையின் சக்கரமல்ல, போதனையின் சக்கரம். வேந்தரின் சொல்லை எடுத்து, அதன் பொருளைத் தலைகீழாக்கி, துறவியின் கையில் கொடுத்தமையே பௌத்தர்களின் சாதனை.

இங்கு ஒரு விடயத்தைக் கவனிக்க வேண்டும். அந்தப் பேருரையில் எண்வகை நெறி விளக்கப்படுகிறது. ஆனால் சக்கரத்துக்கு எத்தனை ஆரங்கள் என்று எங்கும் சொல்லப்படவில்லை. அதில் வரும் எண் வேறு. நான்கு உண்மைகளில் ஒவ்வொன்றையும் அறிதல், அது குறித்துச் செய்ய வேண்டியதை உணர்தல், செய்து முடித்தல் என மூன்று சுற்றுகளாகக் கொண்டு பன்னிரண்டு கூறுகள் கணக்கிடப்படுகின்றன. எட்டு ஆரங்கள் எண்வகை நெறியைக் குறிக்கும் என்பது பின்னர் வந்த விளக்கம். அழகான விளக்கமே, ஆயினும் மூலத்தில் உள்ளதல்ல.

கல்லில் உருண்ட சக்கரம்

ஆரம்ப காலச் சிற்பிகள் புத்தரை மனித உருவில் செதுக்கவில்லை. அவர் இருக்க வேண்டிய இடத்தில் போதி மரத்தையோ, வெற்று ஆசனத்தையோ, பாதச் சுவடுகளையோ, சக்கரத்தையோ வைத்தார்கள். கி.மு. இரண்டாம் நூற்றாண்டைச் சேர்ந்த பாரூத் தூபியின் சிற்பமொன்றில் பெரிய சக்கரமொன்று வழிபடப்படுகிறது. அது பகவானின் தர்மசக்கரம் என்று பக்கத்திலேயே பிராமி எழுத்தில் பொறித்து வைத்துள்ளனர். பார்ப்பவர் தவறாக விளங்கிக்கொள்ளக் கூடாது என்று அன்றைய சிற்பியே கருதினார் போலும்!

அதற்கு ஒரு நூற்றாண்டு முன்னரே அசோகர் சாரநாத்தில் நிறுவிய தூணின் உச்சியில் நான்கு சிங்கங்கள் நின்றன. அவற்றின் காலடிப் பீடத்தில் நான்கு சக்கரங்கள். ஒவ்வொன்றிலும் 24 ஆரங்கள். சிங்கங்களின் முதுகின் மேல் இன்னொரு பெரிய சக்கரம் இருந்தது. 1904-05ஆம் ஆண்டுகளில் நடந்த அகழ்வில் அதன் உடைந்த துண்டுகளே கிடைத்தன. அதில் 32 ஆரங்கள் இருந்ததாகக் கணித்துள்ளனர். ஆக, ஒரே மன்னரின் ஒரே தூணிலேயே இரண்டு எண்ணிக்கைகள்! இந்த எண்களுக்கு என்ன பொருள் என்று அசோகரின் கல்வெட்டுகள் எதுவும் கூறவில்லை.

1947 ஜூலை 22ஆம் திகதி இந்திய அரசியல் நிர்ணய சபை அந்த 24 ஆரச் சக்கரத்தைத் தேசியக் கொடியில் ஏற்றது. அதற்கு முன்னர் அங்கே இருந்தது காந்தியடிகளின் இராட்டை. இராட்டையின் படம் கொடியின் ஒரு பக்கத்தில் ஒரு விதமாகவும் மறுபக்கத்தில் மாறியும் தெரியும். சக்கரமோ இரு பக்கமும் ஒன்றாகவே தெரியும் என்று நேரு விளக்கினார். சின்னங்கள் நிலைபெறுவதற்குத் தத்துவம் மட்டுமன்றித் தையற்காரரின் வசதியும் காரணமாகின்றது.

உடைக்கப்பட வேண்டிய சக்கரம்

கி.பி. ஐந்தாம் நூற்றாண்டில் அனுராதபுரத்து மகாவிகாரையில் இருந்து விசுத்தி மார்க்கத்தை எழுதினார் புத்தகோசர். அந்நூலில் அவர் இன்னொரு சக்கரத்தைக் காட்டுகிறார். அதன் குடம் அறியாமையும் பிறவி வேட்கையும், ஆரங்கள் வினைகள், சுற்றுவட்டை மூப்பும் மரணமும். இது பிறவிச் சக்கரம். போதியின் கீழ் இதன் ஆரங்களை முறித்தவர் என்பதாலேயே புத்தர் ‘அரகந்தர்’ எனப்பட்டார் என்று அவர் சொல்லுக்கு விளக்கம் தருகிறார்.

ஒரே சின்னம் உருட்டப்பட வேண்டிய அறமாகவும், முறிக்கப்பட வேண்டிய தளையாகவும் ஒரே மரபில் நிற்கிறது. படத்தை மட்டும் பார்த்து எது என்று சொல்லிவிட முடியாது. அது எங்கே, எதனுடன், எதற்காக வைக்கப்பட்டிருக்கிறது என்பதே பொருளைத் தீர்மானிக்கிறது.

தமிழுக்கும் இந்தச் சிக்கல் புதிதல்ல. ‘ஆழி’ என்ற நமது சொல்லுக்குச் சக்கரம் என்றும் கடல் என்றும் பொருளுண்டு. திருக்குறளின் எட்டாவது குறளில் ‘அறவாழி’ என்ற சொல் வருகிறது. பரிமேலழகர் அதற்கு அறக்கடல் என்று பொருள் கொண்டார். தரும சக்கரம் என்று உரைப்பாரும் உண்டு என அவரே குறித்தும் வைத்தார். தனக்கு உடன்பாடில்லாத பொருளையும் மறைக்காமல் பதிவு செய்த அந்த நேர்மை கவனிக்கத்தக்கது. வைணவருக்கோ ஆழி திருமாலின் கையிலுள்ள சுதர்சனம். சமணருக்கும் சக்கரம் உண்டு. ஒரு மதம் மட்டும் உரிமை கொண்டாடக் கூடிய வடிவமல்ல இது.

எப்படி வேறுபடுத்துவது?

மீண்டும் அந்த அங்கிக்கு வருவோம். அசோகரின் சக்கரத்தில் ஆரங்கள் வட்டைக்குள்ளேயே முடிந்துவிடும். தேர்ச்சக்கரம் அப்படித்தான் இருக்க முடியும். ஆரங்கள் வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் தேர் உருளாது. பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஐரோப்பியக் கப்பல்களில் புழக்கத்துக்கு வந்த சுக்கான் சக்கரம் தரையில் உருளுவதற்கானதல்ல, கையால் பிடித்துத் திருப்புவதற்கானது. அதனால் அதன் ஆரங்கள் வட்டையைத் தாண்டி, கடைந்தெடுத்த கைப்பிடிகளாக நீளும். ஓர் ஆரத்தில் மட்டும் வரிப்பள்ளம் வெட்டி அடையாளம் வைப்பதும் உண்டு. அது உச்சிக்கு வரும்போது சுக்கான் நேராக நிற்கிறது என்பதை மாலுமி இருட்டிலும் கைவிரலால் தடவி அறிந்துகொள்வார்.

அப்படியானால் குழப்பம் எங்கிருந்து வந்தது? திபெத்திய மரபில் தர்மசக்கரத்தின் வட்டைக்கு வெளியே, ஆரங்களுக்கு நேராக, மணிமுடி போன்ற சிறு குமிழ்களை வைத்து அலங்கரிப்பார்கள். இக்காலத்து அச்சுகளிலும் கணினி எழுத்துருக்களிலும் (U+2638) தர்மசக்கரத்துக்கு வழங்கும் படம் பெரும்பாலும் இந்த வடிவத்தைத் தழுவியது. அது சிறிதாக அச்சாகும்போது குமிழ் கைப்பிடி போலத் தோன்றும். எட்டு ஆரங்களும் இருந்துவிட்டால் கப்பற் சக்கரத்துக்கும் அதற்கும் கண் வேறுபாடு காண்பது கடினம். எனவே ஒருவர் கண நேரம் மயங்குவதில் வியப்பில்லை. அந்த மயக்கம், எவரிடமும் கேட்டுத் தெளியாமல், விலங்காக மாறியதே விபரீதம்.

பயன்படுத்தப்பட்ட சட்டத்தையும் பார்க்க வேண்டும். 2007ஆம் ஆண்டின் 56ஆம் இலக்க, குடியியல் மற்றும் அரசியல் உரிமைகள் பற்றிய சர்வதேச சமவாயச் சட்டத்தின் 3ஆம் பிரிவு, பாகுபாட்டையோ பகைமையையோ வன்முறையையோ தூண்டும் மத வெறுப்புப் பிரசாரத்தைக் குற்றமாக்குகிறது. வன்முறையைத் தூண்டுவோரிடமிருந்து சிறுபான்மையினரைக் காப்பதற்கு உதவ வேண்டிய ஏற்பாடு அது. வீடுகள் எரிந்துகொண்டிருந்த வாரத்தில், ஓர் ஏழைப் பெண்ணின் உடைக்கு எதிராக அது பாய்ந்தது. அங்கியில் இருந்தது உண்மையான தர்மசக்கரமாகவே இருந்திருந்தாலும், ஓர் உடையை உடுத்துவது எவ்வாறு வெறுப்பைத் தூண்டும் பிரசாரமாகும் என்ற கேள்வி அப்படியே இருக்கிறது.

2019 ஜூன் 3ஆம் திகதி நீதிவான் நீதிமன்றம் அவரைப் பிணையில் விடுவித்தது. அந்தக் கைது அவரது அடிப்படை உரிமைகளை மீறியது என்று 2023இல் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நான்கு ஆண்டுகள் கடந்து கிடைத்த நீதி.

சக்கவத்தி சுத்தத்தின் கதையில் இன்னொரு பகுதி உண்டு. மன்னன் அறத்தில் தவறி, வறியவர்க்கு ஈயாமல் விட்டபோது, களவும் கொலையும் பொய்யும் ஒன்றன்பின் ஒன்றாகப் பெருகி, மனிதரின் ஆயுளே குறைந்துபோயிற்று என்கிறது அது. அவனிடம் சக்கரம் இருக்கவில்லை. அதனை எவரும் திருடவுமில்லை, எவருடைய துணியிலும் அது ஒளிந்திருக்கவுமில்லை. ஆள்வோர் அறத்தில் வழுவினால் தர்மசக்கரம் தானாகவே நழுவிப்போகும் என்பதே பௌத்த நூல் ஆட்சியாளருக்குச் சொன்ன பாடம்.