வீசிங் ஒலியை ஆஸ்துமாவின் அளவுகோலாகக் கொள்ளலாமா?

ஆஸ்துமா நோயாளியின் மார்பில் வீசிங் ஒலி குறைந்தால் நோய் தணிகிறது என்று முடிவுசெய்வது இயல்பு. பல வேளைகளில் அது சரியாகவும் அமைந்துவிடும். அதனால்தான் அது ஆபத்தான பழக்கமாகிறது. வீசிங், மூச்சுத்திணறல் இரண்டும் மூச்சுக்குழாய்க் குறுகலிலிருந்தே பிறக்கின்றன என்றாலும் அவை பிறக்கும் வழி வேறு வேறு. ஆகவே ஒலி அடங்கும்போதே திணறல் முற்றலாம் என்பதே இக்கட்டுரையின் வாதம்.

முதலில் குறுகலைப் பார்ப்போம். ஒவ்வாமை உள்ளவர் தூசிப்பூச்சியின் துகளைச் சுவாசித்ததும், மூச்சுக்குழாய்ச் சுவரிலுள்ள மாஸ்ட் செல்கள் ஹிஸ்டமினையும் லியூக்கோட்ரையீன்களையும் வெளிவிடுகின்றன. குழாயைச் சுற்றியுள்ள மென்தசை சில நிமிடங்களில் சுருங்குகிறது. சால்புட்டமால் தந்ததும் அதே வேகத்தில் தசை தளர்வதால், ஆஸ்துமா என்பது தசைச் சுருக்கம் மட்டும்தானே என்று கேட்கலாம். ஆனால் அதே துகளை ஆரோக்கியமானவரும்தான் சுவாசிக்கிறார். அவருக்கு ஏதும் நேர்வதில்லை. குளிர்காற்றுக்கும் புகைக்கும்கூடத் தசை மிகையாகச் சுருங்கும்படி குழாயைத் தயார்செய்து வைத்திருப்பது நாட்பட்ட அழற்சி. அழற்சியால் வரும் வீக்கமும் சளியும் தசை வளையத்துக்கு உட்புறம் இடத்தை அடைத்துக்கொள்வதால், தசை சிறிதளவு சுருங்கினாலும் உள்வழி பெரிதும் குறுகிவிடுகிறது. காற்று சீராக ஓடும் குழாயில் ஆரம் பாதியானால் தடை 16 மடங்காகும் என்பதை நினைத்தால், அரை மில்லிமீட்டர் வீக்கத்தின் விலை புரியும். சால்புட்டமால் தசையைத் தளர்த்தும். வீக்கத்தையும் சளி அடைப்பையும் அது கரைக்காது.

இப்போது ஒலிக்கு வருவோம். ஊதிய பலூனின் வாயை இழுத்துப் பிடித்துக் காற்றை விட்டால் அதன் விளிம்புகள் அதிர்ந்து கீச்சிடுவதைப் போல, குறுகிய மூச்சுக்குழாயின் சுவர்கள் அதிர்வதால் வீசிங் எழுகிறது. மூச்சை வெளிவிடும்போது மார்புக்குள் அழுத்தம் கூடிக் குழாய்கள் மேலும் நெருங்குவதால், முதலில் அப்போதுதான் ஒலி கேட்கும். ஆனால் சுவர் அதிர வேண்டுமானால் போதிய காற்று ஓட வேண்டும். ஓட்டம் மிகக் குறைந்துவிட்டால் அதிர்வும் நின்றுவிடும்.

மூச்சுத்திணறலின் கதை வேறு. காற்று முழுதும் வெளியேறுமுன் அடுத்த மூச்சு தொடங்கிவிடுவதால் ஒவ்வொரு மூச்சிலும் கொஞ்சம் காற்று உள்ளே தங்குகிறது. நுரையீரல் உப்புகிறது, உதரவிதானம் தட்டையாகி இழுவிசையை இழக்கிறது. ஏற்கெனவே விரிந்த நுரையீரலை இன்னும் விரிக்க மூச்சிழுக்கும் தசைகள் பெரும்பாடு படுகின்றன. குறுகல் வெளிமூச்சை அதிகம் தடுத்தாலும், “மூச்சை இழுக்க முடியவில்லை” என்று நோயாளி சொல்வது இதனால்தான். அவர் சொல்வதை மருத்துவ மாணவர் திருத்தக் கூடாது. அது உடலியலுக்கு முற்றிலும் பொருந்தும் சொல்.

ஒரு மாதிரி நோயாளியை எடுத்துக்கொள்வோம். வயது 22. நல்ல நாளில் அவரது பீக் ஃப்ளோ நிமிடத்துக்கு 400 லிட்டர். அவசரப் பிரிவுக்கு வரும்போது 180, அதாவது 45 சதவீதம். மூச்சு நிமிடத்துக்கு 30, நாடி 120, ஆக்சிஜன் அளவு 93 சதவீதம். ஒரு வாக்கியத்தை முழுதாகச் சொல்ல முடியவில்லை. வீசிங் மார்பெங்கும் கேட்கிறது. வேகமாக மூச்சுவிடுவதால் இரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு அழுத்தம் 32 மில்லிமீட்டர் பாதரசம். நெபுலைசர் தந்த பின்பு வீசிங் ஏறக்குறைய நின்றுவிடுகிறது. ஆனால் பீக் ஃப்ளோ 120, ஒற்றைச் சொல்லாகப் பேசுகிறார், கண் சொருகுகிறது, கார்பன் டை ஆக்சைடு 42. தாளில் 42 இயல்பான எண். மூச்சு வாங்கும் இந்த நோயாளிக்கு அது தசைகள் சோர்ந்து தோற்கத் தொடங்கியதன் அடையாளம். மூத்த மருத்துவரை உடனே அழைக்க வேண்டிய தருணம் இது.

அப்படியானால் ஸ்டெதஸ்கோப்பால் பயனில்லையா என்ற மறுப்பு எழும். பயன் உண்டு, கேட்க வேண்டியது வீசிங்கை மட்டுமல்ல, இருபுறமும் காற்று நுழையும் ஒலியையும். வீசிங் குறைந்து, காற்றொலி தெளிந்து, பீக் ஃப்ளோ ஏறி, நோயாளி முழு வாக்கியம் பேசினால் அது மெய்யான முன்னேற்றம். அப்போதும் கண்காணிப்பைக் கைவிட முடியாது. ஒவ்வாமைப் பொருள் பட்ட பிறகு சிலருக்கு 4 முதல் 8 மணி நேரத்தில், ஈசினோஃபில்கள் திரண்டு இரண்டாம் சுற்றுக் குறுகல் வருகிறது. அழற்சியைத் தணிக்கும் ஸ்டீராய்டு செயல்படவும் சில மணி நேரம் ஆகும். எனவே ஸ்டீராய்டை முதல் ஒரு மணி நேரத்துக்குள் கொடுத்துவிட்டு, வீசிங் அடங்கிய பிறகும் பீக் ஃப்ளோவையும் மூச்சு எண்ணிக்கையையும் குறித்துக்கொண்டே இருக்க வேண்டியிருக்கிறது.