நைட் பஸ் பயணமா? தோசையை நம்பலாம்... சட்னியை நம்பாதீங்க!

பெங்களூரில் இரவு பத்து மணிக்கு பஸ் ஏறுறீங்க. நாகர்கோவில் போகணும். கிருஷ்ணகிரி தாண்டி, காரிமங்கலம் பக்கம் ஹைவே ஹோட்டலில் வண்டி நிற்கிறது. 'இருபது நிமிஷம்தான்' என்கிறார் கண்டக்டர். அந்த இருபது நிமிஷத்தில் என்ன சாப்பிடுறீங்க, எந்தத் தண்ணீர் குடிக்கிறீங்க என்பதுதான் அடுத்த இரண்டு நாளைத் தீர்மானிக்கும்.

தோசை ஆர்டர் பண்ணுங்க. கல்லில் வெந்து, ஆவி பறக்க நேராகத் தட்டுக்கு வருவதால் கிருமிகள் பிழைப்பது கஷ்டம். சிக்கல், கூட வரும் தேங்காய்ச் சட்னியில். அது அடுப்பைப் பார்ப்பதே இல்லை. அரைத்த தண்ணீரும், அள்ளிய கையும் சுத்தமாக இல்லாவிட்டால் கிருமி உள்ளே போய்விடும். சாயங்காலம் அரைத்து வெளியிலேயே வைத்திருந்தால், நள்ளிரவுக்குள் அது பல மடங்கு பெருகிவிடும். அதனால் கொதிக்கிற சாம்பார் போதும். வாளியில் ஆறிப்போன சாம்பார் என்றால் அதுவும் வேண்டாம். வெட்டி வைத்த வெங்காயம், பழம், ஐஸ் போட்ட ஜூஸ் எல்லாவற்றுக்கும் இதே கணக்குதான்.

டேபிளில் இருக்கும் ஜக் தண்ணீரைத் தொடாதீங்க. பாட்டில் வாங்கினால், மூடியைத் திருகும்போது வளையம் 'டக்'கென்று உடைகிறதா என்று பாருங்க. உடையாமல் சும்மா திறந்தால் திருப்பிக் கொடுத்துடுங்க. வீட்டிலிருந்தே எடுத்துப் போவதாக இருந்தால், தண்ணீர் தளதளவென்று ஒரு நிமிடம் கொதித்தாலே போதும். சூடான டீயும் ஓகே. ஆனால், டம்ளர் ஈரமாக இருந்தால் பேப்பர் கப் கேளுங்க. சாப்பிடும் முன் சோப்பு போட்டுக் கை கழுவணும். சானிட்டைசர் எல்லாக் கிருமியையும் கொல்லாது.

அப்படியும் வயிறு மக்கர் பண்ணினால்? மதுரை வருவதற்குள்ளேயே வாந்தி வந்தால், உணவில் ஏற்கெனவே உருவாகியிருந்த நச்சு காரணமாக இருக்கலாம். அந்த உணவைத் திரும்பச் சூடு பண்ணியிருந்தாலும் சில நச்சுகள் அழியாது. இது பெரும்பாலும் ஒரே நாளில் அடங்கிவிடும். ஊர் போய்ச் சேர்ந்து, மறுநாளோ அதற்கு அடுத்த நாளோ பேதி ஆரம்பித்தால், ஈ.கோலை மாதிரி பாக்டீரியா குடலில் பெருகியிருக்க வாய்ப்பு அதிகம்.

எதுவாக இருந்தாலும் முதல் மருந்து ஓ.ஆர்.எஸ். பெரிய பாக்கெட் என்றால் முழுசையும் ஒரு லிட்டர் சுத்தமான தண்ணீரில் கரைக்கணும். கிளாஸில் கொஞ்சம் கொஞ்சமாகக் கொட்டிக் கலக்கினால் உப்பு அளவு தப்பாகிவிடும். பாக்கெட் கிடைக்காவிட்டால், ஒரு லிட்டர் தண்ணீரில் தலை தட்டிய ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. ஒவ்வொரு முறை போய் வந்த பிறகும் ஒரு டம்ளர் குடிங்க. கூல் டிரிங்க்ஸ் இதற்கு மாற்று இல்லை. சர்க்கரை அதிகம் என்பதால் பேதி கூடத்தான் செய்யும்.

'பஸ்ஸில் அவசரம் வந்துடுமே' என்று பேதியை நிறுத்தும் மாத்திரையைப் போடுவோம். மலத்தில் ரத்தமோ, காய்ச்சலோ இருந்தால் அதைத் தொடவே கூடாது. அதோடு தலைசுற்றல், சிறுநீர் குறைவது, குடித்ததெல்லாம் வாந்தியாவது ஆகியவையும் ஆபத்தின் அறிகுறிகள். ஊர் போய்ப் பார்த்துக்கலாம்னு இருக்காம, வழியிலேயே இறங்கி ஆஸ்பத்திரிக்குப் போயிடுங்க.